டிவி வாங்கப் போறீங்களா? ஸ்டார் லேபிளில் எந்த எண்ணைப் பார்க்கணும், கரண்ட் பில் எவ்வளவு கூடும்? - எளிய கணக்கு

"இது 5 ஸ்டார் சார், கரண்ட் பில்லைப் பத்திக் கவலையே வேண்டாம்." டிவி ஷோரூமில் இந்த வார்த்தையைக் கேட்காதவர்கள் குறைவு. ஆனால், அந்த டிவி வீட்டுக்கு வந்த பிறகு பில் எவ்வளவு கூடும் என்பதை நட்சத்திரங்களை எண்ணிச் சொல்லிவிட முடியாது. அதற்கு லேபிளிலேயே வேறொரு எண் இருக்கிறது. பலரும் அதைப் பார்ப்பதே இல்லை.

அந்த எண் என்ன, அதை ரூபாயாக மாற்றுவது எப்படி, ஒரே டிவி ஒரு வீட்டுக்கு 30 ரூபாயும் இன்னொரு வீட்டுக்கு கிட்டத்தட்ட 400 ரூபாயும் கூட்டுவது ஏன்? தமிழ்நாட்டு வீட்டு மின் கட்டணத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

டிவியில் ஒட்டப்படும் ஸ்டார் லேபிள், மத்திய மின்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் எரிசக்தி திறன் பணியகத்தின் திட்டம். சுருக்கமாக பிஇஇ என்பார்கள். அதில் பிராண்டு, மாடல் எண் போன்ற விவரங்களும் 1 முதல் 5 வரையிலான நட்சத்திரங்களும் இருக்கும். இவற்றோடு, ஓர் ஆண்டுக்கு இத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்ற எண்ணும் இருக்கும்.

பில்லுக்கு நமக்குத் தேவை அந்த யூனிட் எண்தான். அது ஓர் ஆண்டுக்கான கணக்கு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால், லேபிளில் உள்ள எண்ணை 6-ஆல் வகுத்தால் ஒரு பில்லுக்கான யூனிட் வந்துவிடும். மாதக் கணக்கு வேண்டும் என்றால் 12-ஆல் வகுக்கலாம்.

உதாரணமாக, ஒரு 55 அங்குல டிவியின் லேபிளில் ஆண்டுக்கு 180 யூனிட் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 180-ஐ 6-ஆல் வகுத்தால் 30. அதாவது, ஒவ்வொரு பில்லிலும் இந்த டிவியின் பங்கு சுமார் 30 யூனிட்.

நீங்கள் எத்தனை மணி நேரம் பார்க்கிறீர்கள்?

லேபிளில் உள்ள எண், டிவி ஒரு நாளைக்கு 6 மணி நேரம் ஓடுகிறது என்ற அடிப்படையில் போடப்படுவது. எல்லா வீட்டிலும் அப்படி இருக்காது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இரவு 3 மணி நேரம்தான் ஓடும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் காலை பக்திப் பாடலில் தொடங்கி இரவு சீரியல் வரை 10 மணி நேரம்கூட ஓடும்.

அதனால் லேபிள் எண்ணை முதலில் 6-ஆல் வகுத்து, பிறகு உங்கள் வீட்டில் டிவி ஓடும் மணி நேரத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 180 யூனிட் டிவி தினமும் 3 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 90 யூனிட். 10 மணி நேரம் ஓடினால் 300 யூனிட். பில்லுக்கு முறையே 15 யூனிட், 50 யூனிட். டிவி ஒன்றுதான்; ஆனால் பில்லில் அதன் பங்கு மூன்று மடங்குக்கு மேல் மாறிவிடுகிறது.

அப்படியானால் நட்சத்திரங்கள் எதற்கு?

நட்சத்திரம் என்பது ஒப்பீடு. திரையின் பரப்பளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அது கொடுக்கப்படுகிறது. 'இந்த அளவு திரைக்கு இது சிக்கனமான டிவியா?' என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும். 'இந்த டிவி குறைவாக மின்சாரம் எடுக்குமா?' என்பது வேறு கேள்வி.

அதனால்தான் 5 ஸ்டார் வாங்கிய 55 அங்குல டிவி, 3 ஸ்டார் வாங்கிய 32 அங்குல டிவியைவிட அதிக யூனிட் எடுக்கலாம். பெரிய குடும்பத்தில் சிக்கனமாகச் செலவு செய்தாலும், மளிகை பில் சின்னக் குடும்பத்தின் பில்லைவிடக் கூடுதலாகத்தானே வரும்? அது போலத்தான்.

இன்னொன்றும் உண்டு. 4கே எனப்படும் அல்ட்ரா ஹெச்டி டிவிகளுக்கு 2021 ஜனவரியில் பிஇஇ தனியாக லேபிள் திட்டத்தைத் தொடங்கியது. சாதாரண ஹெச்டி டிவியின் நட்சத்திரத்தையும் 4கே டிவியின் நட்சத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியாக வராது. ஆனால் யூனிட் எண்ணுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எந்த அளவு, எந்த வகை டிவியாக இருந்தாலும் யூனிட் யூனிட்தான்.

சுருக்கமாகச் சொன்னால், ஒரே அளவு, ஒரே வகையில் இரண்டு டிவிகளில் ஒன்றைத் தேர்வு செய்ய நட்சத்திரம் உதவும். பில் எவ்வளவு கூடும் என்று பார்க்க யூனிட் எண் வேண்டும்.

யூனிட் எப்படி ரூபாயாகிறது?

இங்கேதான் பலரும் கணக்கைத் தவறவிடுகிறார்கள். 'மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, சராசரியா ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு' என்று கணக்குப் போட்டால் சரியாக வராது. புது டிவியின் யூனிட், நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் யூனிட்டுகளின் மேல் போய் உட்காருகிறது. அதனால் உங்கள் வீட்டின் கடைசி யூனிட் எந்த விலையில் இருக்கிறதோ, டிவிக்கும் அந்த விலைதான்.

தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் கட்டணம் மாற்றப்பட்ட பிறகு, அரசு மானியம் போக வீட்டு உபயோகிப்பாளர் கட்டும் விகிதம் இதுதான். 2025 ஜூலையில் மின் கட்டணம் உயர்த்தப்பட்டபோதும் வீட்டு இணைப்புகளுக்கு உயர்வு இல்லை என்று அரசு அறிவித்தது.

இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை பயன்படுத்தினால்:

- முதல் 100 யூனிட்: இலவசம்
- 101 முதல் 200 வரை: யூனிட்டுக்கு ரூ.2.35
- 201 முதல் 400 வரை: ரூ.4.70
- 401 முதல் 500 வரை: ரூ.6.30

500 யூனிட்டைத் தாண்டிவிட்டால்:

- முதல் 100 யூனிட்: இலவசம்
- 101 முதல் 400 வரை: ரூ.4.70
- 401 முதல் 500 வரை: ரூ.6.30
- 501 முதல் 600 வரை: ரூ.8.40
- 601 முதல் 800 வரை: ரூ.9.45
- அதற்கு மேல் 1,000 வரை ரூ.10.50, 1,000-ஐத் தாண்டினால் ரூ.11.55

இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த ரூ.2.35 என்ற சலுகை விலை போய்விடுகிறது. அந்த 100 யூனிட்டுக்கும் ரூ.4.70 ஆகிவிடும். இதனால் மட்டும் கூடுதல் செலவு 235 ரூபாய்.

சரியாக 500 யூனிட் வந்தால் பில் ரூ.1,805. 501 வந்தால் ரூ.2,048.40. ஒரே ஒரு யூனிட்டுக்கு வித்தியாசம் ரூ.243.40. இந்த 500 என்ற கோடுதான் டிவி கணக்கில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

ஒரு வீட்டின் கணக்கு

ஒரு குடும்பம் இரண்டு மாதத்துக்கு 485 யூனிட் பயன்படுத்துகிறது. வீட்டில் பழைய 32 அங்குல டிவி. அதன் லேபிளில் ஆண்டுக்கு 48 யூனிட், அதாவது பில்லுக்கு 8 யூனிட். டிவி தினமும் சுமார் 6 மணி நேரம் ஓடுகிறது. இப்போது வரும் பில் ரூ.1,710.50.

அவர்கள் 55 அங்குல டிவி வாங்க முடிவு செய்கிறார்கள். கடையில் இரண்டு டிவிகள் பிடித்திருக்கின்றன. முதல் டிவியின் லேபிளில் ஆண்டுக்கு 180 யூனிட். இரண்டாவதில் 138 யூனிட்.

முதல் டிவியை வாங்கினால் பில்லுக்கு 30 யூனிட். பழைய டிவியின் 8 யூனிட் போய்விடுவதால், கூடுவது 22 யூனிட்தான். 485 என்பது 507 ஆகும். 'ஒரு யூனிட் ரூ.6.30, 22 யூனிட்டுக்கு சுமார் 139 ரூபாய் கூடும்' என்றுதான் முதலில் தோன்றும். ஆனால், 500-ஐத் தாண்டிவிட்டதால் பில் ரூ.2,098.80 வரும். உண்மையில் கூடியது ரூ.388.30.

இரண்டாவது டிவியை வாங்கினால் பில்லுக்கு 23 யூனிட். கூடுவது 15 யூனிட். மொத்தம் சரியாக 500. பில் ரூ.1,805. கூடியது ரூ.94.50 மட்டுமே.

இரண்டு டிவிக்கும் இடையே பில்லுக்கு 7 யூனிட்தான் வித்தியாசம். ஆனால் பணத்தில் ரூ.293.80 வித்தியாசம். ஏசி, ஃபேன் அதிகம் ஓடும் கோடையில் இந்த வீடு எப்படியும் 500-ஐத் தாண்டிவிடும் என்றால், அந்த பில்லில் வித்தியாசம் இவ்வளவு இருக்காது. மழைக்காலத்தில் 450-க்குள் இருந்தாலும் அப்படியே. 500-ஐ ஒட்டி வரும் பில்லில்தான் இந்த அடி விழும்.

அதே டிவி, மற்ற வீடுகளில்?

இதே 22 யூனிட் கூடுதலை வேறு வீடுகளில் வைத்துப் பார்க்கலாம்.

- 90 யூனிட் பயன்படுத்தும் வீடு: 112 ஆகும். இலவசத்தைத் தாண்டிய 12 யூனிட்டுக்கு ரூ.28.20 மட்டும்.
- 300 யூனிட் பயன்படுத்தும் வீடு: 22 யூனிட்டுக்கு ரூ.103.40. மாதத்துக்குப் பார்த்தால் சுமார் 52 ரூபாய்.
- 700 யூனிட் பயன்படுத்தும் வீடு: ரூ.207.90. மாதத்துக்கு சுமார் 104 ரூபாய்.

அதனால், பக்கத்து வீட்டில் 'புது டிவி வந்தும் பில் கூடவே இல்லையே' என்று சொன்னால் அதை அப்படியே நம் வீட்டுக்கும் எடுத்துக்கொள்ள முடியாது. டிவி வாங்கும் முன் கடைசி ஆறு பில்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை யூனிட் என்று பாருங்கள். 480-க்கும் 500-க்கும் இடையே எத்தனை பில் இருக்கிறதோ, அத்தனை முறை இந்தச் சிக்கல் வரலாம்.

டிவிக்குப் பின்னால் இருக்கும் வாட் எண் வேறயா இருக்கே?

டிவியின் பின்புறம் 130 வாட், 150 வாட் என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் வெளிச்சம், ஒலி எல்லாம் உச்சத்தில் இருக்கும்போது டிவி எடுக்கக்கூடிய அதிகபட்ச அளவு. வயரிங், இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர் தேர்வு செய்ய அது தேவைப்படும். பில் கணக்குக்கு அதைப் பயன்படுத்தினால் செலவு கூடுதலாகத் தெரியும்.

லேபிள் எண்ணிலிருந்தே சராசரி வாட்டைக் கண்டுபிடிக்கலாம். 1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 180 யூனிட்டை 365 நாளால் வகுத்து, 6 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு சுமார் 0.082 யூனிட். அதாவது ஏறக்குறைய 82 வாட்.

ஆனால் வீட்டில் நீங்கள் டிவியை வைத்திருக்கும் விதத்தில் இந்த 82 கூடலாம், குறையலாம். எல்இடி டிவியில் மின்சாரத்தை அதிகம் எடுப்பது திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட். ஷோரூமின் பளிச் விளக்குகளுக்கு நடுவே படம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அங்கே பெரும்பாலும் 'விவிட்' அல்லது 'டைனமிக்' மோடில் வைத்திருப்பார்கள். அதே மோடில் வீட்டிலும் ஓடினால் பேக்லைட் தேவைக்கு மேல் எரியும், லேபிளில் சொன்னதைவிட யூனிட் கூடும். பிக்சர் செட்டிங்கில் 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'ஈகோ' என்று மாற்றிவிட்டால் குறையும். ஹெச்டிஆர் படங்கள் ஓடும்போது டிவி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும். அந்த நேரத்தில் செலவும் கூடும்.

வீட்டு மீட்டரிலேயே சரிபார்க்கலாம்

உங்கள் டிவி உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று தெரிந்துகொள்ள தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. டிஜிட்டல் மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். மீட்டரின் முகப்பில் `3200 imp/kWh` என்பது போல ஒரு குறிப்பு இருக்கும். அந்த விளக்கு 3,200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். சில மீட்டர்களில் 1,600 என்றும் இருக்கும். உங்கள் மீட்டரில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜ், ஃபேன், வைஃபை, மற்ற விளக்குகள் எல்லாவற்றையும் பத்து நிமிடம் அணைத்துவிட்டு, டிவியையும் செட்டாப் பாக்ஸையும் மட்டும் ஓட விடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பிளக்கையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி சார்ஜ் ஆவதும் கணக்கில் சேர்ந்துவிடும். இப்போது 10 நிமிடத்தில் விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள்.

48 முறை மின்னியது என்றால், ஒரு மணி நேரத்துக்கு 288 முறை. அதை 3,200-ஆல் வகுத்தால் 0.09 யூனிட், அதாவது 90 வாட். 'விவிட்' மோடில் வைத்து இன்னொரு முறை எண்ணி 70 வந்தால், அது சுமார் 131 வாட். மோடை மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்பது உங்கள் கண்முன்னே தெரிந்துவிடும். படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும் என்பதால், இரண்டு முறையும் ஒரே சேனலில் அல்லது ஒரே வீடியோவில் எண்ணினால் ஒப்பீடு சரியாக இருக்கும்.

லேபிளில் வராத செலவு: செட்டாப் பாக்ஸ்

டிவி லேபிளில் டிவிக்கான மின்சாரம் மட்டும்தான் வரும். கேபிள் அல்லது டிடிஹெச் பாக்ஸ், சவுண்ட்பார் எல்லாம் தனி. இதில் செட்டாப் பாக்ஸை லேசாக நினைத்துவிடக் கூடாது. ரிமோட்டில் அணைத்தாலும் பல பாக்ஸ்கள் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். தொட்டுப் பார்த்தால் இரவிலும் சூடாக இருப்பது அதனால்தான்.

ஒரு பாக்ஸ் 8 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரமும் ஓடினால் 60 நாளில் 11.5 யூனிட். பழைய 32 அங்குல டிவி எடுத்த 8 யூனிட்டைவிட இது அதிகம். டிவி பார்க்கும் 6 மணி நேரம் தவிர மற்ற நேரத்தில் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டால், பில்லுக்கு சுமார் 8.6 யூனிட் மிச்சமாகும்.

மேலே பார்த்த 507 யூனிட் வீட்டில் இதைச் செய்தால் கணக்கு 498-க்கு வந்துவிடும். பில் ரூ.2,098.80-லிருந்து ரூ.1,792.40 ஆகக் குறையும். ஒரு சுவிட்சில் ரூ.306.40 மிச்சம். மறுபடி போடும்போது பாக்ஸ் தயாராக ஓரிரு நிமிடம் எடுக்கும், அவ்வளவுதான்.

டிவியின் ஸ்டாண்ட்பை செலவு பொதுவாக இதைவிட மிகக் குறைவு. ஆனால், 'குயிக் ஸ்டார்ட்' போன்ற வசதிகளை ஆன் செய்து வைத்திருந்தால், அணைத்த பிறகும் டிவி பாதி விழித்திருக்கும். தேவையில்லை என்றால் செட்டிங்கில் அதை ஆஃப் செய்துவிடலாம்.

கூடுதல் ஸ்டாருக்காக அதிக விலை கொடுக்கலாமா?

180 யூனிட் டிவிக்கும் 138 யூனிட் டிவிக்கும் ஆண்டுக்கு 42 யூனிட் வித்தியாசம். 300 யூனிட் பயன்படுத்தும் வீட்டில் அது ஆண்டுக்கு ரூ.197.40. ஏழு ஆண்டு வைத்திருந்தால் சுமார் 1,380 ரூபாய். 700 யூனிட் வீட்டில் ஆண்டுக்கு ரூ.396.90, ஏழு ஆண்டுக்கு சுமார் 2,780 ரூபாய்.

இதன்படி, சிக்கனமான டிவிக்கு ஆயிரம் ரூபாய் கூடுதல் என்றால் இரண்டு வீட்டுக்குமே லாபம்தான். 5,000 ரூபாய் கூடுதல் என்றால், கரண்ட் பில்லை மட்டும் வைத்து அந்தப் பணத்தை எடுக்க முடியாது. படத் தரம், வாரண்டி போன்ற வேறு காரணம் இருந்தால் வாங்கலாம். 500 யூனிட் கோட்டை ஒட்டி இருக்கும் வீட்டுக்கு மட்டும் கணக்கு வேறு. ஓர் ஆண்டில் மூன்று பில் அந்தக் கோட்டில் வந்தாலே, உதாரணத்தில் பார்த்த ரூ.293.80 வித்தியாசம் மூன்று முறை சேர்ந்து ரூ.881.40 ஆகிவிடும்.

கடைக்குப் போகும் முன் பிஇஇ-யின் 'BEE Star Label' செயலியில் மாடல் எண்ணைப் போட்டு விவரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கடையில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மின் கட்டண விகிதம் பின்னால் மாறினால் புதிய விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை இதேதான். லேபிள் எண்ணை 6-ஆல் வகுத்து, பழைய டிவியின் யூனிட்டைக் கழித்து, மீதியை உங்கள் கடைசி பில்லின் யூனிட்டோடு கூட்டுங்கள். கூட்டிய எண் 500-க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று பார்த்துவிட்டு பிறகு பணம் கட்டுங்கள்.